நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு மூன்று நாள்

தங்கை மகனுக்கு 24 வயது. நாளெல்லாம் கணினி முன் உட்காரும் வேலை. ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம், வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்திருந்தான். காபி டம்ளரை எடுத்தவன் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், வாயை டம்ளருக்குக் கொண்டுவந்தான். முழங்கை இரண்டும் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. நீட்டவும் வரவில்லை, முழுசாக மடக்கவும் வரவில்லை.

"என்னடா ஆச்சு?"

"நேத்து ஆர்ம்ஸ் மாமா. இன்னைக்கு லெக்ஸ். எப்படிப் போறதுன்னு தெரியல."

செல்போனில் ஒரு படம் காட்டினான். ஜிம் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் ஆர்ம்ஸ், வெள்ளி லெக்ஸ், சனி வயிறு, ஞாயிறு விடுமுறை. நான் எட்டிப் பார்த்த ஜிம்கள் பலவற்றிலும் இதுதான் தொங்கும். என் காலத்தில் நானும் இதைத்தான் அடித்தேன். பார்க்க நியாயமாகவே இருக்கும். இன்றைக்கு உழைத்த தசைக்கு அடுத்த ஆறு நாள் ஓய்வு; வேறென்ன வேண்டும்?

அந்த ஆறு நாள் ஓய்வு காகிதத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பெஞ்சில் படுத்து ராடை மேலே தள்ளும்போது நெஞ்சு மட்டுமா உழைக்கிறது? மடங்கிய முழங்கையை நீட்டுவது மேல்கையின் பின்பக்கமுள்ள ட்ரைசெப்ஸ். கூடவே தோளின் முன்பகுதியும் தள்ளுகிறது. புதன்கிழமை தலைக்கு மேலே டம்பெல் தூக்கும் ஷோல்டர் பிரஸ்ஸில் மறுபடி அதே ட்ரைசெப்ஸ், அதே முன்தோள். வியாழன் கை நாள். ட்ரைசெப்ஸுக்கென்றே நாலு வகை. ஆக, நான்கு நாளுக்குள் மூன்று முறை. பைசெப்ஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். செவ்வாய்க்கிழமை லாட் புல்டவுனில் கம்பியை இழுக்கும்போது முதுகோடு சேர்ந்து முழங்கையை மடக்கியது அதுதான். ஒரு நாள் விட்டு, வியாழன் அதற்கே தனிப் பூசை.

இன்னொரு பக்கம், உடம்பிலேயே பெரிய தசைகள் இருக்கும் காலுக்கு வாரத்தில் ஒரே நாள், அதுவும் வெள்ளி. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், படத்துக்குப் போக வேண்டும், அம்மா கோவிலுக்குக் கூப்பிடுகிறார். ஒரு வெள்ளி தவறினால் கால் அடுத்து எடை பார்ப்பது 14 நாள் கழித்து. மேலே அகலமும் கீழே குச்சியுமாக ஜிம்மில் சிலர் நடமாடுவதற்கு இந்த அட்டவணையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எடை தூக்கி முடித்த தசையில் அடுத்து என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று தெரியும். தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது நார்களுக்குச் சின்னச் சின்னச் சேதம்தான். வீட்டுக்குப் போனபின், புதிய புரதத்தைக் கட்டும் வேலை தசைக்குள் சூடு பிடிக்கிறது. ஜிம் பழக்கமில்லாத எட்டுப் பேரை வைத்துச் செய்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வேலையின் வேகம் பயிற்சி முடிந்து 3 மணி நேரத்தில் வழக்கத்தைவிட 112 சதவீதம் கூடியிருந்தது; 24 மணி நேரத்தில் 65 சதவீதமாகவும் 48 மணி நேரத்தில் 34 சதவீதமாகவும் இறங்கிவிட்டது. இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள். அதற்குப் பிறகு கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். ஏழாம் நாள் வரை காத்திருப்பது கட்டடம் நின்றுபோன இடத்தில் சும்மா இருப்பதுதான். இரண்டு நாளுக்குள் அதே இடத்தில் மறுபடி பலமாக அடிப்பதோ, ஈரம் காயாத சுவரை இடிப்பது.

வாரத்தில் ஒரு தசைக்கு மொத்தம் எத்தனை செட் என்பது சமமாக இருந்தால், அதை ஒரே நாளில் போட்டாலும் இரண்டு நாளாகப் பிரித்தாலும் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அது உண்மைதான். ஆனால் புதிதாக வருபவர் ஒரே நாளில் கைக்கு 20 செட் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் எங்கள் வீட்டு டம்ளர் காட்டியது. கடைசி எட்டு செட்டில் வலு இருக்காது, உடம்பை ஆட்டி ஆட்டித் தூக்குவார்கள். வேறொன்றும் உண்டு. புதியவருக்கு முதல் ஒன்றரை மாதம் கூடும் பலத்தில் பெரும்பங்கு தசை பெருத்ததால் வருவதில்லை. மூளையும் நரம்பும் அந்த அசைவைக் கற்றுக்கொண்டதால் வருவது. சைக்கிள் பழகுவது போல. வாரம் ஒருமுறை பழகுபவரைவிட வாரம் இருமுறை பழகுபவர் சீக்கிரம் கற்பார்.

எனவே நான் அவனுக்குச் சொன்னது, உடம்பை ஆறாகப் பிரிக்காதே, இரண்டாகப் பிரி. இடுப்புக்கு மேல் ஒரு நாள், இடுப்புக்குக் கீழ் ஒரு நாள். திங்கள் மேல், செவ்வாய் கீழ், புதன் ஓய்வு, வியாழன் மேல், வெள்ளி கீழ், சனி ஞாயிறு ஓய்வு. ட்ரைசெப்ஸுக்குத் திங்கள் வேலை என்றால் அடுத்த வேலை வியாழன்தான். நடுவில் முழுசாக மூன்று நாள் அதை யாரும் தொடுவதில்லை, ஒளிந்துகொண்டும் தொடுவதில்லை. கால் ஒரு வெள்ளியைத் தவறவிட்டாலும் அந்த வாரச் செவ்வாய் கையில் இருக்கிறது. வாரம் மூன்று நாள்தான் வர முடியும் என்பவருக்கு இந்தப் பிரிப்பே தேவையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு உடம்பையும் செய்துவிட்டுப் போகலாம். நான்கு நாள் கிடைப்பவருக்குத்தான் இது.

திங்கட்கிழமை அவன் செய்தது இதுதான். டம்பெல் பெஞ்ச் பிரஸ் மூன்று செட், லாட் புல்டவுன் மூன்று செட், உட்கார்ந்தபடி கேபிளை வயிற்றுக்கு இழுக்கும் சீட்டட் ரோ இரண்டு செட், ஷோல்டர் பிரஸ் இரண்டு செட், கடைசியில் பைசெப்ஸ் கர்ல், ட்ரைசெப்ஸ் புஷ்டவுன் தலா இரண்டு. மொத்தம் 14 செட். தள்ளும் வேலைக்கு நிகராக இழுக்கும் வேலையும் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் தெரிகிற நெஞ்சையே அடித்துக்கொண்டிருந்தால் தோள் முன்னால் வளைந்துவிடும். கைக்கு நான்கே செட்தானா என்று அவன் முகம் சுருங்கியது. பிரஸ்ஸிலும் புல்டவுனிலும் கை ஏற்கெனவே கூலி வாங்கிவிட்டது என்றேன்.

செவ்வாய்க்கிழமைக்கு, ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழும் கோப்லெட் ஸ்குவாட் மூன்று செட். தாத்தாக்கள் பஸ்கி என்று எடுத்தார்களே, அதன் எடை வைத்த தம்பி. பிறகு தொடையின் பின்பக்கத்துக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட் மூன்று; முழங்கால் லேசாக மடங்கியிருக்க, முதுகு கூன் விழாமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிவது. அப்புறம் லெக் கர்ல் இரண்டு, ஆடுதசைக்கு காஃப் ரைஸ் இரண்டு, அரை நிமிட பிளாங்க் மூன்று. வியாழனிலும் வெள்ளியிலும் இதே தசைகளுக்குக் கோணம் மாறும். பெஞ்சைச் சாய்த்து இன்க்ளைன் பிரஸ், ஒரு கை டம்பெல் ரோ, பக்கவாட்டில் தூக்கும் லேட்டரல் ரைஸ். ஸ்குவாட்டுக்குப் பதில் லெக் பிரஸ்ஸும் லஞ்சஸும்.

இந்தப் பிரிப்பிலும் ஒரு ஒட்டு உண்டு, சொல்லிவிட வேண்டும். இடுப்புக்கு மேல், கீழ் என்று கோடு போட்டாலும் கீழ்முதுகு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திங்கட்கிழமை குனிந்து நின்று ராடை இழுத்தால் கீழ்முதுகு சோர்ந்திருக்கும். மறுநாளே டெட்லிஃப்ட்டில் அது கைவிடும். உட்கார்ந்து இழுக்கும் ரோவை நான் திங்களுக்குப் போட்டது அதனால்தான்.

எத்தனை செட் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற டாக்டர். முழங்கால் அடிபட்டுத் தொடை சூம்பிப்போனவர்களை எடை தூக்க வைத்து, அதைப் படிப்படியாகக் கூட்டி, 1945-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். முதலில் அவர் கொடுத்தது பத்துப் பத்தாக ஏழு முதல் பத்து செட். மூன்று வருடம் கழித்து வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியபோது அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார். பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, முதல் செட் அதில் பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது முழுசு. இன்றைக்கும் ஜிம்மில் "மூணு செட், பத்து ரெப்" என்று வாயில் வருவது அவர் வைத்த கணக்கின் எச்சம்தான். நாமும் முதல் ஏறுபடியை வார்ம்அப்பாக வைத்துக்கொள்ளலாம். முதல் பயிற்சிக்கு மட்டும் பாதி எடையில் ஒரு செட், முக்கால் எடையில் ஒரு செட், அப்புறம் கணக்கு செட்கள்.

எடை எப்படிப் பிடிப்பது? எட்டு முதல் பன்னிரண்டு தடவை தூக்கி வைத்தபின், "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான எடை. பல்லைக் கடித்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துத் தூக்கிவிட்டு முடிப்பது புதியவருக்கு வேண்டாம். கற்கிற காலத்தில் கோணலான அசைவே பழகிவிடும். ஏறும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது எடையைப் போட்டுவிடாமல் இரண்டு எண்ணிக்கையில் இறக்க வேண்டும். பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம், கர்ல் மாதிரி சின்னவற்றுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றிலும் ஒரு செட்டைக் குறைத்துவிடச் சொன்னேன். ஒரு தடவை மிதமாக வலித்த தசை, அடுத்த சில வாரம் அதே வேலைக்கு அவ்வளவாக வலிப்பதில்லை; உடம்புக்கு அப்படி ஒரு ஞாபகம் உண்டு. அந்த ஞாபகத்தை இரண்டே செட்டில் வாங்கிவிடலாம், இருபது தேவையில்லை.

அவனுடைய நோட்டில் பெஞ்ச் பிரஸ் பக்கத்தைப் பார்த்தால் மீதி புரியும். ஒரு கைக்கு 7.5 கிலோ. மூன்றாவது வாரத் திங்களில் 10, 9, 8. அடுத்த வாரம் 11, 10, 9. அதற்கடுத்து 12, 11, 10. ஆறாவது வாரம் 12, 12, 12. மூன்று செட்டும் பன்னிரண்டைத் தொட்டபின்தான் எடை ஏற வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஆனால் அவன் ஜிம்மில் டம்பெல் 2.5 கிலோ கணக்கில்தான் ஏறும். 7.5-இலிருந்து 10 என்றால் ஒரே தாவலில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஏழாவது வாரம் 10 கிலோவில் 6, 5, 4 என்று விழுந்தது. நான்காவதில் ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலுமாகப் போனது.

"பலம் குறைஞ்சிடுச்சா மாமா?"

குறையவில்லை. படிதான் உயரம். மறுபடி 7.5-க்கே இறங்கி, பன்னிரண்டில் நிறுத்தாமல் பதினைந்து வரை போகச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து 10 கிலோவில் 9, 8, 8 வந்தது. லேட்டரல் ரைஸில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், 2.5-க்கு அடுத்தது 5, அதாவது இரட்டிப்பு. அங்கே இருபது வரைகூட போகலாம். ராடில் செய்பவர்களுக்கு இரண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டு மெல்ல ஏற வழி இருக்கிறது. ஆனால் அந்த ராடின் சொந்த எடை என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். போட்டிகளில் பயன்படும் பெரிய ராடு 20 கிலோ. சின்ன ஜிம்களில் கிடப்பது அதில் பாதிகூட இருக்காது.

ஓய்வு போதவில்லை என்பதை வலி சொல்லாது. இந்த நோட்டுதான் சொல்லும். பழக்கமில்லாத வேலைக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ வலி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் அடங்கும். எடையை இறக்கும்போது, தசை இழுபட்டுக்கொண்டே தாங்குகிறதே, அந்தக் கட்டத்தில்தான் அதிகச் சேதம். லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கரைந்துவிடுகிற சமாசாரம். தொட்டால் வலிக்கிறது, ஆனால் கை முழுசாக நீளுகிறது என்றால் ஜிம்முக்குப் போகலாம். இரண்டு செட் சூடேறினால் வலி குறையும். கை நீளவே இல்லை என்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். ஆனால் வலியே இல்லாமல், போன தடவை 11 போட்ட எடையில் இந்தத் தடவை 9, அடுத்த தடவை 8 என்று இரண்டு முறை தொடர்ந்து இறங்கினால், அங்கேதான் ஓய்வு போதவில்லை. பெரும்பாலும் குற்றம் அட்டவணையில் இருக்காது, தூக்கத்தில் இருக்கும். அவனுக்கு எட்டாவது வாரம் அப்படி ஆனது. விசாரித்தால், அலுவலகத்தில் இரவு ஒரு மணி வரை வேலை, ஐந்து மணி நேரத் தூக்கம். அந்த வாரம் எல்லாவற்றிலும் செட்டைப் பாதியாக்கி, எடையை அப்படியே வைத்தான். அடுத்த வாரம் எண்கள் திரும்பின.

வலி தசையின் நடுவில் இல்லாமல் மூட்டில், ஒரு புள்ளியில், ஒரே பக்கம் குத்தினால் அது வேறு ரகம். அந்தப் பயிற்சியை மட்டும் நிறுத்த வேண்டும். தசையை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் தேறும். தசை 'தூக்கு' என்று சொல்லும்போதே நாண் 'பொறு' என்று சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொன்று அரிது, ஆனால் விளையாட்டில்லை. அளவுக்கு மீறி அடித்த மறுநாளோ அடுத்த நாளோ கை கால் வீங்கி, சிறுநீர் பாலில்லாத டீயின் நிறத்தில் போனால், வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கிற அறிகுறி அது. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள் எடையைத் தொடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நாள் தவறினால் என்ன செய்வது என்பதில்தான் ஆளாளுக்கு அவசரம். செவ்வாய் மழை, போக முடியவில்லை. வியாழன் போய் மேலும் கீழும் சேர்த்து இரண்டு மணி நேரம் அடிப்பதா? வேண்டாம். கிழமையை மறந்துவிட்டு வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். செவ்வாய் விட்டுப்போன கால் புதனுக்கு வருகிறது. வியாழன் வழக்கம்போல் மேல்பாதி. வெள்ளி ஓய்வு, சனி கால். காலுக்கும் காலுக்கும் நடுவே மூன்று நாள் தப்பவில்லை. அந்த வாரம் ஓய்வு நாள் இடம் மாறியது, அவ்வளவுதான். ஓய்வு நாள் என்றால் பாயில் கிடப்பதும் அல்ல. அவன் ஞாயிறு காலை நண்பர்களோடு கால்பந்து ஆடுகிறான். வெள்ளி கால் அடித்தவனுக்கு நடுவில் சனி இருக்கிறது, ஆடட்டும். புதன்கிழமை அரை மணி நடை போதும்.

சுவர் அட்டவணையைப் பற்றி ஜிம் மாஸ்டரிடமே ஒரு நாள் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சார், அது மூணு வருஷம் அடிச்ச பசங்களுக்கு எழுதினது. அவங்களுக்கு ஒரு தசைக்கே அவ்வளவு செட் வேணும், ஒரு நாள் பத்தாது. புதுசா வர்றவங்க அதைப் பாத்து எழுதிக்கிறாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு நாள் சொன்னாத்தான் சார் ஃபீஸ் கட்டினது நியாயம்னு அவங்களுக்குத் தோணுது" என்றார்.

மூன்றாவது மாதம் அவன் ஒரு திருத்தத்தோடு வந்தான். திங்கட்கிழமை மாலை ஊரே நெஞ்சு அடிக்க வருகிறது. மூன்று பெஞ்சுக்கு ஒன்பது பேர், டம்பெல் அடுக்கில் நடு வரிசை காலி. ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் திங்களில் கீழ், செவ்வாயில் மேல், வியாழன் கீழ், வெள்ளி மேல் என்று திருப்பிப் போட்டுவிட்டான். இடைவெளிக் கணக்கு ஒன்றும் மாறவில்லை.

"லெக் பிரஸ் பக்கம் திங்கக்கிழமை யாருமே இல்ல மாமா. துண்டை விரிச்சுப் போட்டுட்டு நிம்மதியா பண்றேன்."